இரண்டு காபி, நாலு கிண்ணம்: வீட்டில் கப்பிங் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பிங் என்கிறார்களே, அது என்ன? நம் வீட்டு ஃபில்டரில் போட்டுக் குடித்தால் வித்தியாசம் தெரியாதா?

தெரியும். எதனால் வந்த வித்தியாசம் என்பதுதான் தெரியாது. ஃபில்டரில் நேற்றுப் பொடியைக் கொஞ்சம் அழுத்தியிருப்போம், இன்று அப்படியே விட்டிருப்போம். வெந்நீர் ஒரு நாள் கொதிக்கக் கொதிக்க விழும், இன்னொரு நாள் ஃபோன் பேசிவிட்டு வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். டிகாஷன் ஒரு நாள் பத்து நிமிஷத்தில் இறங்கும், மறுநாள் அரை மணி நேரம் சொட்டும். அதற்கு மேல் பால், சர்க்கரை. இத்தனைக்கும் நடுவில் காபிக்கொட்டையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கப்பிங்கில் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. கொரகொரப்பாக அரைத்த பொடியைக் கிண்ணத்தில் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிஷம் அப்படியே விட வேண்டும். பிறகு மேலே கட்டியிருக்கும் ஏட்டைக் கலைத்து, நுரையை எடுத்துவிட்டு, ஸ்பூனால் எடுத்து உறிஞ்சிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வடிகட்டுவது இல்லை, அழுத்துவது இல்லை, ஊற்றுவதில் கைப்பக்குவமும் வேண்டாம். பொடி முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கிடக்கிறது. கடைசிவரை வடியாமல் அங்கேயே கிடப்பதால், சின்னச் சின்னப் பிசகுகள் ருசியைப் பெரிதாக மாற்றுவதில்லை. காபி வாங்கி விற்பவர்கள் உலகம் முழுக்க இதே முறையில் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

இதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

அநேகமாக எதுவும் வேண்டாம். ஒரே அளவில், ஒரே கனத்தில் நாலு கிண்ணம் வேண்டும், 200 முதல் 250 மி.லி. பிடிப்பதாக. பீங்கானோ கண்ணாடியோ இருந்தால் நல்லது. எவர்சில்வர் கிண்ணம்தான் இருக்கிறது என்றால் அதுவும் சரி, சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று பீங்கான், ஒன்று எவர்சில்வர் என்று கலக்காதீர்கள். அப்போது நீங்கள் ருசி பார்ப்பது கிண்ணத்தைத்தான். டபராவும் பரவாயில்லை, வாய் அகலம் என்பதால் முகர்ந்து பார்க்க வசதி.

ஸ்பூன் குழிவாக, வட்டமாக இருக்க வேண்டும். சூப் ஸ்பூன் பொருத்தம். டீ ஸ்பூனில் போதிய அளவு வராது. ஆளுக்கு ஒரு ஸ்பூன், பக்கத்தில் அதைக் கழுவ ஒரு டம்ளர் வெந்நீர், துப்புவதற்கு ஒரு டம்ளர்.

காசு செலவழிப்பதாக இருந்தால் 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு வாங்குங்கள். சமையலறைத் தராசு பெரும்பாலும் ஒரு கிராமாகத்தான் காட்டும். பத்து கிராம் பொடியில் ஒரு கிராம் தவறினால் ஒரு கிண்ணம் பத்தில் ஒரு பங்கு கெட்டியாகிவிடும். நாக்கு அதை உடனே கண்டுபிடித்து, "இந்தக் கொட்டை நல்ல ஸ்ட்ராங்" என்று தப்பான தீர்ப்பு சொல்லும்.

முதல் தடவை எந்த இரண்டு காபியை எடுத்துக்கொள்வது?

பழக வேண்டும் என்றால் தூரமான இரண்டை எடுங்கள். பிளாண்டேஷன் அராபிகா ஒன்று, ரொபஸ்டா செர்ரி ஒன்று. நம் ஊர்க் கடைப் பேச்சில் பிளாண்டேஷன் என்றால் பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. செர்ரி என்றால் பழத்தோடு அப்படியே காயவைத்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காபியே பிடிக்காதவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். முதலாவதில் பழப்புளிப்பும் மணமும், இரண்டாவதில் கனமும் கசப்பும்.

ஆனால் பலர் உண்மையில் கேட்பது இன்னொன்று: பீபெரிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? கீழே நான் சொல்லப்போகிற கதை அதுதான். காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதை, தட்டையான பக்கம் எதிரெதிராக இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே வளர்ந்து உருண்டையாகிவிடும். அதைப் பொறுக்கித் தனியாக விற்பதுதான் பீபெரி. பிளாண்டேஷன் ஏ என்பதில் உள்ள 'ஏ' கொட்டையின் அளவைச் சொல்கிறது, ருசியை அல்ல. 6.65 மி.மீ. துளையுள்ள சல்லடையில் விழாமல் நிற்கும் பெரிய கொட்டை அது. ஆக இரண்டுமே சல்லடையும் பொறுக்கலும் கொடுத்த பெயர்கள். ருசி வேறா என்று வாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பொடி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

10 கிராம் பொடிக்கு 180 கிராம் தண்ணீர். ஸ்பெஷால்டி காபி சங்கத்தின் முறையில் 150 மி.லி. தண்ணீருக்கு 8.25 கிராம் என்று சொல்வார்கள், இதுவும் ஏறக்குறைய அதே விகிதம்தான். தண்ணீரையும் எடை போட்டே ஊற்றுங்கள். பொடி போட்ட கிண்ணத்தைத் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்ஜியமாக்கி, 180 காட்டும்வரை ஊற்றினால் அளவுக் குவளையே வேண்டாம்.

தராசு இல்லாமல் "தலை தட்டி இரண்டு ஸ்பூன்" என்று போட்டால் வருமா என்று கேட்பார்கள். ஒரே கொட்டையை இரண்டு கிண்ணத்தில் போடுவதற்கு வரும். இரண்டு வெவ்வேறு காபிக்கு வராது. அதிகம் வறுத்த கொட்டை உப்பி லேசாகிவிடும். ஒரு ஸ்பூனில் அது குறைந்த எடைதான் பிடிக்கும்.

கடையிலேயே அரைத்து வாங்கிவிடலாமா? மிக்ஸியில் அடிக்கலாமா?

வீட்டில் கையால் சுற்றும் காபி கிரைண்டர் இருந்தால் கொட்டையாக வாங்கி, செய்வதற்கு முன் அரைப்பதுதான் நல்லது. கடையில் அரைப்பதாக இருந்தால் "ஃபில்டருக்கு வேண்டாம், பம்பாய் ரவை மாதிரி கொரகொரப்பாக" என்று சொல்லுங்கள். ஃபில்டர் பொடி இதற்கு ரொம்ப நைஸ். ஏடு சரியாகக் கட்டாது, ஸ்பூனில் மண்டி வரும், நாக்கில் துவர்ப்பு ஏறும்.

கடை மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. முன்னால் நின்றவர் அரைத்த பொடியில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும், அது உங்கள் பொட்டலத்தில் முதலில் வந்து விழும். இரண்டு காபியையும் அடுத்தடுத்து அரைக்கும்போது இரண்டாவதில் முதலாவது கொஞ்சம் கலந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடிக் கொட்டையை முதலில் ஓடவிட்டு அந்தப் பொடியைத் தனியாக எடுத்துவிடச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைக்கலாம், முறைக்கட்டும். வீட்டு கிரைண்டரிலும் இதே கதைதான், நாலைந்து கொட்டையை அரைத்துத் தள்ளிவிட வேண்டும்.

மிக்ஸியில் சீராக அரைபடாது. பாதி தூளாகும், பாதி நொய்யாக நிற்கும். வேறு வழியில்லை என்றால் விட்டு விட்டு, ஒவ்வொரு தடவையும் இரண்டு வினாடி, இரண்டு காபிக்கும் அதே எண்ணிக்கையில் அடியுங்கள். அப்போது கெடுதலாவது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ஜாரில் நேற்று அரைத்த மிளகாய்த்தூள் வாசம் போயிருக்கிறதா என்று மறக்காமல் முகர்ந்து பாருங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் சரியா? எவ்வளவு சூடு?

இரண்டு கிண்ணத்துக்கும் ஒரே தண்ணீர், ஒரே கெட்டிலில் காய்ந்தது, ஒரு நிமிஷ இடைவெளிக்குள் ஊற்றியது. ஒப்பிடுவதற்கு இது முக்கியம். அதற்கு அப்புறம்தான் எந்தத் தண்ணீர் என்பது. உப்பு அதிகமான போர் தண்ணீரில் காபியின் புளிப்பு அமுங்கிவிடும், இரண்டு காபியும் ஒன்றுபோல மந்தமாக இருக்கும். தாது அநேகமாக இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் ருசி சரியாக இறங்காமல் வெறிச்சென்று புளிக்கும். எங்கள் வீட்டில் பாதி ஆர்.ஓ., பாதி காய்ச்சிய கார்ப்பரேஷன் தண்ணீர் கலக்கிறேன். ருசி பார்க்கும் வேலைக்கு அது போதுமானதாக இருக்கிறது.

சூடு 93 டிகிரி அளவில் இருந்தால் போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, முக்கால் நிமிஷம் பொறுத்து ஊற்றுங்கள். கொடைக்கானல்காரர்கள் பொறுக்கவே வேண்டாம். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய 93 டிகிரியில்தான்.

சரி, ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்.

நாலு கிண்ணத்தையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, துடைத்து வையுங்கள். முதல் காபி இரண்டு கிண்ணத்தில், இரண்டாவது காபி இரண்டு கிண்ணத்தில். ஒரே காபிக்கு ஏன் இரண்டு என்றால், ஒரு கிண்ணத்தில் ஏதாவது பிசகியிருந்தால் பக்கத்துக் கிண்ணம் காட்டிக்கொடுக்கும். ஒரே காபியின் இரண்டு கிண்ணமும் வேறு வேறாக ருசித்தால், அன்றைக்கு மற்றதோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஒரேயொரு கெட்டுப்போன கொட்டை பத்து கிராமில் விழுந்தாலும் அந்தக் கிண்ணம் மட்டும் கெட்டுவிடும்.

தண்ணீர் ஊற்றும் முன் உலர்ந்த பொடியை முகர்ந்து பாருங்கள். கிண்ணத்தை லேசாகத் தட்டினால் மணம் எழும். பிறகு கடிகாரத்தை ஓடவிட்டு, பொடி முழுவதும் நனையும்படி ஊற்றுங்கள், கலக்க வேண்டாம். பொடி மேலே வந்து பால் ஏடு போலக் கட்டும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயுதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. புதுசாக வறுத்ததென்றால் ஏடு குமிழிகளோடு தடிமனாக நிற்கும். மாசக்கணக்கில் கிடந்ததென்றால் மெலிதாகக் கட்டி, தானாகவே கீழே இறங்க ஆரம்பிக்கும். ருசி பார்ப்பதற்கு முன்பே கிடைக்கும் செய்தி இது. இரண்டு காபியில் ஒன்று இப்படிச் சோர்ந்து போயிருந்தால் நீங்கள் ஒப்பிடப்போவது வகையை அல்ல, வயசை.

நான்காவது நிமிஷம் ஏட்டைக் கலையுங்கள். மூக்கைக் கிண்ணத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், ஸ்பூனின் முதுகால் ஏட்டை முன்னிருந்து பின்னுக்கு மூன்று தடவை தள்ளுங்கள். அந்த நேரம் எழும் ஆவியில் இருக்கும் மணம் பிறகு எப்போதும் அந்த அளவுக்குக் கிடைக்காது. எல்லாக் கிண்ணத்துக்கும் மூன்றே தடவை. ஒன்றை அதிகம் கலக்கினால் அதிலிருந்து அதிகம் இறங்கும். அடுத்த கிண்ணத்துக்குப் போகும் முன் ஸ்பூனை வெந்நீரில் கழுவுங்கள்.

பொடி அடியில் படிந்ததும் இரண்டு ஸ்பூனைச் சேர்த்துப் பிடித்து மேலே மிதக்கும் நுரையையும் துகளையும் வழித்து எடுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். ஊற்றியதிலிருந்து 12 நிமிஷம் ஆகும்வரை வாயில் வைக்காதீர்கள். வெந்த நாக்குக்கு எல்லாக் காபியும் ஒன்றுதான்.

12, 20, 30 என்று மூன்று முறை சுற்றி வாருங்கள். ஸ்பூனை ஆழமாக விடாமல் மேலாக எடுக்க வேண்டும், அடியில் உள்ள பொடி கலையக் கூடாது. சூடாக இருக்கும்போது மணமும் கனமும் முன்னால் நிற்கும். ஆற ஆறப் புளிப்பும் இனிப்பும் தெளியும், குறைகளும் அப்போதுதான் வெளியே வரும். வெதுவெதுப்பில் நன்றாக இருக்கும் காபி நல்ல காபி என்பது என் அபிப்பிராயம். முதல் வாயிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

சத்தம் போட்டுத்தான் உறிஞ்ச வேண்டுமா? கூச்சமாக இருக்கிறது.

போட்டுத்தான் ஆக வேண்டும். சூடான ரசத்தைக் கிண்ணத்தோடு உறிஞ்சுவோமே, அந்தச் சத்தம். ஸ்பூனை உதட்டில் வைத்து, காற்றோடு சேர்த்து சர்ரென்று இழுத்தால் காபி தூறலாக வாய் முழுக்கப் பரவும். மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை அடையும். காபியில் நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த மணம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, பிறகு விரல்களை எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

விழுங்காமல் துப்பிவிடுவது நல்லது. நாலு கிண்ணத்தில் 40 கிராம் காபி இருக்கிறது. ராத்திரி தூங்க வேண்டாமா?

எனக்கு எல்லாமே கசப்பாகத்தான் தெரிகிறது. மற்றவர்கள் பழம், பூ என்றெல்லாம் எழுதுகிறார்களே?

பால் இல்லாத காபி பழகாத நாக்குக்கு முதல் இரண்டு வாய் அப்படித்தான் இருக்கும். பழமும் பூவும் இப்போது வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். இந்த இரண்டில் எது அதிகம் புளிக்கிறது? அடுத்த சுற்றில், வாயில் எது கனமாக இருக்கிறது, தண்ணீர் மாதிரியா, நீர்மோர் மாதிரியா, கஞ்சி மாதிரியா? அதற்கடுத்து, துப்பிய பிறகு எது அதிக நேரம் நிற்கிறது? பக்கத்தில் இன்னொரு கிண்ணம் இருப்பதால் 'அதிகம், குறைவு' என்று சொல்வது சுலபம். தனியாக ஒரு காபியைக் கொடுத்து வர்ணிக்கச் சொன்னால்தான் திணறுவோம்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பழகுங்கள். பாகற்காய் நாக்கில் செய்வது கசப்பு. வாழைப்பூவோ பிஞ்சு நெல்லிக்காயோ கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. பலர் கசப்பு என்று எழுதுவது துவர்ப்பைத்தான். கசப்பு பெரும்பாலும் அதிகம் வறுத்ததிலிருந்து வருகிறது. துவர்ப்பு பெரும்பாலும் நைஸான தூளிலிருந்தோ பழுக்காத பழத்தின் கொட்டையிலிருந்தோ வருகிறது. புளிப்பிலும் அப்படி வகை உண்டு. சாத்துக்குடிப் புளிப்பு வரவேற்கத்தக்கது. நேற்றைய மாவு பொங்கி வழிந்த புளிப்பு என்றால் கொட்டையைக் கழுவிக் காயவைத்ததில் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

வார்த்தைகளை வீட்டிலிருந்தே எடுங்கள். வெல்லம், வறுத்த வேர்க்கடலை, தீய்ந்த சப்பாத்தி, மழையில் நனைந்த சாக்கு. இவை போதும். நீங்கள் தின்றே இராத புளூபெர்ரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது "ஆரஞ்சு" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஆரஞ்சுதான் தெரியும்.

எனக்கு வித்தியாசம் தெரிகிற மாதிரி இருக்கிறது. அது நிஜமா, மனப்பிரமையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் இத்தனையையும் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கிண்ணத்தின் மேல் 'பீபெரி' என்று எழுதியிருந்தால் நாக்கு பாதி வேலையை விட்டுவிடும், விலைச்சீட்டு மீதி வேலையைச் செய்யும். அதற்கு மருந்து முக்கோணச் சோதனை. மூன்று டம்ளர், இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மற்றது. எது தனியானது என்று கண்டுபிடிக்க வேண்டும். எது நல்லது என்ற பேச்சே கிடையாது. காபி ருசிப்பவர்களின் உலகப் போட்டியே இதுதான். எட்டு முக்கோணம், எட்டு நிமிஷம், யார் அதிகம் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

வீட்டில் நாங்கள் செய்தது இப்படி. ஒரே கடையில் பிளாண்டேஷன் ஏ நூறு கிராம், பீபெரி நூறு கிராம், கொட்டையாக. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, டிபன் முடிந்து ரொம்ப நேரம் கழித்து ஆரம்பித்தோம். முதலில் பெயர் தெரிந்தே ருசித்தோம். பீபெரி கனமாக, சாக்லேட் கசப்போடு இருந்தது. பிளாண்டேஷன் கொஞ்சம் புளிப்பு. "கொடுத்த காசுக்கு மோசமில்லை" என்று அண்ணன் சொன்னார். அண்ணி மட்டும் நம்பவில்லை.

ஏடு எடுத்து ஆறிய பிறகு, ஒரே காபியின் இரண்டு கிண்ணத்திலிருந்தும் தெளிவான மேல்நீரை ஒரு குவளையில் சேர்த்தோம். இரண்டு காபிக்கு இரண்டு குவளை. நாங்கள் கூடத்துக்குப் போய்விட்டோம், அண்ணி சமையலறையில். காசைச் சுண்டி, தலை விழுந்தால் பீபெரி இரண்டு டம்ளரில், பூ விழுந்தால் பிளாண்டேஷன் இரண்டில். தனியானது இடமா, நடுவா, வலமா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்தது. டம்ளரின் அடியில் ஸ்டிக்கர். ஒவ்வொரு டம்ளரிலும் 25 மி.லி. நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தேன். கொண்டுவருபவரின் முகத்தையும் பார்க்கக் கூடாது, அண்ணிக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.

குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும். அதனால் ஒரு சுற்று போதாது. ஐந்து சுற்று வையுங்கள். ஐந்தில் நாலோ ஐந்தோ சரியாக வந்தால் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி வருவது நூறு தடவையில் நாலைந்து தடவைதான். மூன்று வந்தால் சந்தேகம், இன்னொரு நாள் பார்க்க வேண்டும். இரண்டோ ஒன்றோ என்றால் உங்கள் நாக்குக்கு இரண்டும் ஒன்றே.

எனக்கு ஐந்துக்கு ஐந்து வந்தது. ஆக பீபெரி வேறுதான் என்று நான் எழுந்து நிற்கும்போது, அண்ணி இரண்டு பொடியையும் ஒரு வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி விரலால் அழுத்திக் காட்டினார். பீபெரிப் பொடி ஒரு சாயல் கறுப்பாக இருந்தது. கொட்டையாக இருந்தபோது எங்கள் கண்ணுக்கு அது படவில்லை. உருண்டைக் கொட்டை பளபளப்பதால் நிறம் ஏமாற்றும், அரைத்த பொடிதான் உண்மை சொல்லும். இரண்டையும் தனித்தனி ஈடாக வறுத்திருக்கிறார்கள், பீபெரி கொஞ்சம் கூடுதலாக வறுபட்டுவிட்டது. கனம், சாக்லேட், கசப்பு என்று நான் எழுதி வைத்ததெல்லாம் அதிகம் வறுத்த எந்தக் காபிக்கும் பொருந்துகிற வார்த்தைகள்.

அடுத்த வாரம் கடையில் பேசி, இரண்டும் ஒரே நிறத்தில் வருகிறபடி வறுத்து வாங்கினோம். வீட்டில் தாளில் கொட்டி நிறம் பார்த்த பிறகே தண்ணீர் வைத்தோம். அன்று ஐந்தில் இரண்டு. அண்ணனுக்கு ஒன்று.

இதிலிருந்து 'பீபெரி என்பதே ஏமாற்று' என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் கடையில், அந்த மாதம் வந்த அந்த இரண்டு கொட்டைகளை எங்கள் வீட்டு நாக்குகளால் பிரிக்க முடியவில்லை என்பதுதான் முடிவு. இன்னொரு தோட்டத்துக் கொட்டையில் வேறு மாதிரி வரலாம். எங்களுக்குக் கிடைத்த லாபம் வேறு: கடையில் இப்போது வகையைக் கேட்பதற்கு முன் வறுத்த நிறத்தையும் வறுத்த தேதியையும் கேட்கிறோம்.

சிக்கரி கலந்த பொடியை இப்படி ஒப்பிடலாமா?

வேண்டாம். சிக்கரி வெந்நீர் பட்டதும் கரைந்து நிறத்தையும் கனத்தையும் ஒருவித வெல்லக் கசப்பையும் கொடுத்துவிடும், அதற்குக் கீழே காபியின் புளிப்பும் மணமும் தெரியாது. மிதக்காமல் அடியில் போவதால் ஏடும் மெலிதாகிவிடும். பாக்கெட் பொடியில் எவ்வளவு சிக்கரி என்று அட்டையிலேயே சதவீதம் போட்டிருக்கும், 49 வரை போகலாம். 20 சதவீதத்தையும் 40 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ருசித்தால் சிக்கரியின் அளவைத்தான் ஒப்பிடுவீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகைப் பொடியைப் பச்சைத் தண்ணீர் டம்ளரில் தூவிப் பாருங்கள். காபி கொஞ்ச நேரம் மேலே மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

நாங்கள் பால் விட்டுத்தானே குடிக்கிறோம்? கறுப்பாக ருசித்து என்ன பயன்?

நியாயமான கேள்வி. கப்பிங்கில் ஜெயித்த காபி பாலில் ஜெயிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. சாத்துக்குடிப் புளிப்பும் மெல்லிய மணமும் உள்ள அராபிகா கிண்ணத்தில் அருமையாக இருக்கும், பாலை ஊற்றியதும் காணாமல் போகும். முரட்டு ரொபஸ்டா கிண்ணத்தில் முகம் சுளிக்க வைக்கும், பாலுக்குள் போனதும் எடுப்பாக நிற்கும். கப்பிங் சொல்வது கொட்டையின் குணத்தையும் குறையையும்தான். பூஞ்சை வாசம், பழைய வாசம், தீய்ந்தது, பொங்கிய புளிப்பு எல்லாம் பாலுக்குள் ஒளிந்துகொள்ளும், கிண்ணத்தில் ஒளிய முடியாது.

ஆகவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். கிண்ணத்தில் குறை தெரிந்ததை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சமானதை ஒரே மாதிரி இரண்டு ஃபில்டரில் போட்டு, ஒரே பாலில், ஒரே அளவு டிகாஷன் விட்டுப் பாருங்கள். அங்கேயும் மூன்று டம்ளர் வைக்கலாம். எங்கள் வீட்டில் கறுப்பாகச் சரியாகச் சொன்ன அண்ணன், பாலில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மார்க் போட வேண்டுமா?

வேண்டாம். தொழிலில் இருப்பவர்கள் நூற்றுக்குப் போடுவார்கள், 80-க்கு மேல் வந்தால் ஸ்பெஷால்டி என்பார்கள். அதற்கு ஒரே அளவுகோலுக்குப் பழகிய பல நாக்குகள் வேண்டும். நீங்கள் தேதி, வறுத்த தேதி, பொடி நிறம், எது அதிகம் புளிப்பு, எது கனம் என்று நாலு வரி எழுதி வைத்தால் போதும்.

செய்யும் நேரத்தில் வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வாசனையில். தாளித்த எண்ணெய், ஊதுபத்தி, கையில் பூசிய சந்தன சோப்பு, தலையில் மல்லிகை, எல்லாமே கிண்ணத்துக்குள் போய்விடும். ஊறுகாயோ வெற்றிலையோ போட்ட வாய்க்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

இன்னொன்று, ருசிக்கும் வரிசை. கசப்பான காபிக்குப் பிறகு வரும் காபி உள்ளதைவிடப் புளிப்பாகத் தெரியும். எப்போதும் இடமிருந்து வலமாகவே போனால் வலது பக்கத்துக் காபிக்கு அநியாயம் நடக்கும். ஒரு சுற்று முன்னோக்கி, அடுத்த சுற்று பின்னோக்கிப் போங்கள், நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள்.

மிச்சமான கொரகொரப் பொடியை ஃபில்டரில் போடலாமா?

போட்டால் தண்ணீர் கடகடவென்று இறங்கி வெளுத்த டிகாஷன்தான் வரும். அதனால் அன்றைக்கு வேண்டிய 40 கிராமுக்கு மேல் அரைக்காதீர்கள். அரைத்தது மிஞ்சிவிட்டால் பாட்டிலில் 30 கிராமுக்கு அரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் துணியில் வடிகட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை.